செய்துகொண்டா, செய்துக்கொண்டா?

“‘எடுத்துக்கொண்டு’ சரி என்றால் ‘செய்துக்கொண்டு’ மட்டும் ஏன் தவறு? எப்படிச் சரிபார்ப்பது?”

இரண்டும் ‘து’வில்தான் முடிகின்றன; ஆனால் பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய எழுத்தை. எடுத்து என்பதில் ‘த்’ இருக்கிறது. இப்படி வல்லின மெய் வந்தால் அது வன்தொடர்க் குற்றியலுகரம். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று மிகும்: கேட்டுக் கொடுத்தான், பெற்றுத் தந்தாள்.

செய்து என்பதில் ‘ய்’ (இடையினம்), வந்து என்பதில் ‘ந்’ (மெல்லினம்), அழுது என்பதில் ‘ழு’ (உயிர்மெய்). இவற்றில் மிகாது: செய்து பார்த்தான், வந்து போனான், அழுது தீர்த்தாள். ‘பார்த்துக்கொண்டு’ என்று எழுதிய பழக்கம்தான் ‘செய்து’விலும் ஒற்றை நுழைத்துவிடுகிறது.

இந்தச் சோதனை வினையெச்சத்துக்கு மட்டுமே. பெயர்ச்சொல்லில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றும்: மருந்து மென்தொடர்தான், ஆனாலும் ‘மருந்துக் கடை’.