மூட்டையின் எடையை முடிவு செய்வது தராசு நிற்கும் இடம்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எங்க அப்பச்சி வாங்கிப்போட்ட மூன்று ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. மேஸ்திரியை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். ஆறு பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள், நல்ல பருவத்தில் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 50 கிலோ வரும். மதியம் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை என்று கீழே வண்டிப்பாதைக்குத் தலைச்சுமையாக இறக்குகிறார்கள். மதிய மூட்டை 35 கிலோ தேறும். 60 மீட்டர் சரிவு, 30 மீட்டர் இறக்கம். போன ஐப்பசி மழையில் ஒரு பெண் மூட்டையோடு வழுக்கி முழங்கால் பிசகிவிட்டது. எல்லோருக்கும் கம்பூட்ஸும் இடுப்பு பெல்ட்டும் வாங்கித் தரலாம் என்றிருக்கிறேன். சரிதானா? — ஓர் ஆச்சி, கண்டனூர்

பதில்: ஆச்சி, கம்பூட்ஸ் வாங்குங்கள். பெல்ட் வேண்டாம். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் 1994-இல் இதை ஆராய்ந்து, நல்ல நிலையில் இருக்கும் முதுகை பெல்ட் காப்பாற்றும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. பெல்ட் கட்டியதும் இன்னும் கொஞ்சம் தூக்கலாம் என்ற தைரியம்தான் வரும். அந்தப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

மதிய மூட்டை ஏன் 35 கிலோ ஆயிற்று என்பதிலிருந்து தொடங்குவோம். தராசு கீழே வண்டிப்பாதையில் நிற்கிறது. நாளுக்கு இரண்டு முறைதான் நிறுவை. கிலோவுக்குக் கூலி என்றால் இறங்கி ஏறும் நேரம் முழுக்க அவர்களுக்கு நஷ்டம். அதனால் எந்தப் பெண்ணும் மூன்றாவது நடை நடக்க மாட்டாள், இரண்டு நடையிலேயே திணித்து முடிப்பாள். மூட்டையின் எடையை அவள் முடிவு செய்யவில்லை, தராசு நிற்கும் இடமும் நிறுவை நேரமும் முடிவு செய்கின்றன.

அந்த 35-ம் வெயில் நாள் கணக்கு. மழையில் கொழுந்தின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீர் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே எடை கூட்டும். சணல் சாக்கு தானும் ஊறிக்கொள்ளும். கிட்டத்தட்ட 40 கிலோ தலையில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியோஷ் 1991-இல் திருத்திய தூக்குக் கணக்கில், எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் கையால் தூக்க 23 கிலோதான் உச்சம். சுமை உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், இடுப்பு உயரத்தில் எடுக்க வேண்டும், தரை வழுக்கக் கூடாது. ஈரச் சரிவில் மூட்டையோடு இறங்குவது அந்தக் கணக்குக்குள்ளேயே வராது. எனவே 23 என்பதே உங்கள் தோட்டத்துக்கு அதிகம்.

அந்தப் பெண் விழுந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 60 மீட்டருக்கு 30 மீட்டர் இறக்கம் என்றால் 30 பாகைச் சரிவு. அதில் நேராக இறங்கும்போது குதிகால் முதலில் மண்ணைத் தொடும். ஈரக் களிமண்ணில் அது முன்னால் சறுக்கும். தலைமேல் 40 கிலோ இருப்பதால் உடம்பின் பாரம் உயரத்தில் நிற்கிறது, சிறு சாய்வே ஆளைக் கவிழ்க்கப் போதும். இரண்டு கையும் மூட்டையைப் பிடித்திருக்கின்றன, செடியைப் பற்றக் கை இல்லை. பாதம் வேருக்கு இடையில் சிக்கி நிற்க, மேலுடம்பு சுமையோடு திரும்பினால் முழங்கால்தான் முறுகும். கவாத்து பண்ணிய காட்டில் விழுந்தால் இன்னும் மோசம், வெட்டிய குச்சிகள் ஈட்டி மாதிரி நிற்கும்.

பெருமழையைவிடத் தூறல்தான் ஆபத்து. நம்மூர்க் கண்மாய்க் கரையில் முதல் தூறலுக்கு நடந்தவர்களுக்குத் தெரியும்: மண் மேலே மட்டும் நனைந்து, அடியில் இறுகியே இருக்கும்போதுதான் கால் ஓடும். மேஸ்திரியிடம் சொல்லும்போது "மழை பெய்தால் ஜாக்கிரதை" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். வெயில் நாட்களுக்குப் பிறகு வரும் முதல் தூறலுக்கு மூட்டை நடையை நிறுத்தி, மண் தெளியும்வரை கொழுந்தை மேலேயே தார்ப்பாய்க்குக் கீழே பரப்பி வைக்கச் சொல்லுங்கள். இடி இடித்தால் மூட்டையை விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் இறங்கட்டும், சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

இனி செய்ய வேண்டியது. முதல் மாற்றம் நிறுவை. காலை பத்தரைக்கு ஒன்று, ஒன்றரைக்கு ஒன்று, மாலை ஒன்று என மூன்று முறை. 50 கிலோவை மூன்றாகப் பிரித்தால் நடைக்கு 17 கிலோ, மழையில் 20-க்குள். தராசைக் காட்டுக்குள்ளேயே, சமதளமாக உள்ள ஒரு இடத்தில், முக்காலியில் தொங்கவிடுங்கள். 50 கிலோவரை நிறுக்கும் தொங்கு தராசைக் கையிலேயே கொண்டுபோகலாம். மேலேயே நிறுத்துப் பதிந்துவிட்டால் இன்னொரு பெரிய நன்மை உண்டு. இப்போது வழுக்குகிறவள் மூட்டையை விடமாட்டாள், சிந்தினால் கூலி போய்விடும் என்று கட்டிப்பிடித்துக்கொண்டே விழுவாள். எடை ஏற்கெனவே ஏட்டில் ஏறிவிட்டது, சிந்தினாலும் கூலி உண்டு என்று தெரிந்தால் கை தானாக விடும். இதை மேஸ்திரி ஆறு பேரிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நீங்களும் ஒருமுறை சொல்ல வேண்டும்.

கூடுதல் நடைக்கு ஆளுக்குக் கால்மணி நேரம் ஆகும், ஆறு பேருக்கு ஒன்றரை மணி நேரம். அதற்கான கூலியைத் தனியாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒரே வாரத்தில் பழையபடி திணிக்க ஆரம்பிப்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. திணித்த மூட்டைக்குள் கொழுந்து நசுங்கிச் சூடேறிச் சிவந்துபோகும். தொழிற்சாலையில் அதற்கு விலை குறைப்பார்கள். தளர்வாகக் கட்டிய சின்ன மூட்டையில் அந்தச் சேதம் குறைவதால், கொடுத்த கூலியில் ஒரு பகுதி திரும்பி வரும்.

இரண்டாவது மாற்றம் மூட்டை. சணல் சாக்குக்குப் பதில் நைலான் வலைப் பை. தண்ணீர் வடியும், கொழுந்துக்குக் காற்றும் கிடைக்கும். மழை நாளில் தண்ணீருக்கென்று எடை கழிப்பவர் நீங்கள் என்றால், அந்தத் தண்ணீரை அவர்கள் தலையில் ஏற்றாதீர்கள். பையைப் பத்து நிமிடம் வடியவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். பையில் 5 சென்டிமீட்டர் அகலப் பருத்தி நாடாவில் இரண்டு தோள்வார் தைத்து, பள்ளிக்கூடப் பை மாதிரி முதுகில் போடட்டும். பையின் மேல்விளிம்பு தோளைத் தாண்டக் கூடாது. நெஞ்சுக்குக் குறுக்கே முடிச்சு வேண்டாம், தோளைக் குலுக்கினால் கழன்று விழ வேண்டும். இப்போது இரண்டு கையும் மிச்சம்: ஒன்றில் ஊன்றுகோல், மற்றது செடிக்கு.

முதுகில் போடுவதற்குச் சுமையைத் தரையிலிருந்து தூக்கக் கூடாது. குனிந்து தூக்கும் அந்த நொடியில் முதுகுக்குப் பாரம் அதிகம். இதற்கு விடை நம் சாலையோரங்களில் கல்லாகவே நின்றது. கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாக நட்ட சுமைதாங்கி, அடுத்தவர் கை உதவி இல்லாமல் சுமையை இறக்கி ஏற்றத்தான். அவை தலைச்சுமைக்கானவை, அதனால் உயரம் அதிகம். முதுகுச் சுமைக்கு 75 சென்டிமீட்டர் போதும். மலையில் கல்லைத் தேடி அலைய வேண்டாம். பாதை வெட்டும்போது மேல்பக்கக் கரையை அந்த உயரத்துக்குச் சீவி, மேலே ஒரு பலகைக் கல் வைத்தால் அதுவே சுமைதாங்கி. திரும்பி நின்று பையை அதில் சாய்த்து, வாரை மாட்டி, முழங்காலை நிமிர்த்தினால் எழுந்துவிடலாம். தராசு நிற்கும் இடத்தில் ஒன்று, பாதி வழியில் ஒன்று. கர்ப்பிணிக்கு மூட்டை நடையே வேண்டாம், அவள் பையை மற்றவர்கள் கூலிக்கு இறக்கட்டும்.

மூன்றாவதுதான் பாதை. செலவு இதில்தான், பலனும் இதில்தான். 30 மீட்டர் இறக்கத்தை 60 மீட்டரில் கடக்காமல் 180 மீட்டரில் கடந்தால், ஆறு மீட்டருக்கு ஒரு மீட்டர்தான் இறக்கம். 30 பாகை 10 பாகைக்குள் வந்துவிடும். 30 மீட்டர் நீளத்தில் ஆறு சாய்வுகள், நடுவே ஐந்து திருப்பங்கள் என்று குறுக்கும் நெடுக்குமாக இறக்குங்கள். அகலம் 60 சென்டிமீட்டர். பாதை செடி நிரைகளைக் கடக்கும் இடங்களில் சில செடிகளை எடுக்க வேண்டிவரும், அதற்குத் தயங்காதீர்கள். சுமை உடம்பைச் சுற்றி ஆடுவது திருப்பத்தில்தான், அங்கே ஒன்றரை மீட்டர் சமதளம் விடுங்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் சற்று மேலே தண்ணீரைக் குறுக்கே வெளியேற்றும் வாய்க்கால் வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மழையில் பாதை ஓடையாகிவிடும். வண்டல் குழிகளும் வடிகால்களும் செடி மறைத்துக் கிடக்கும், பாதை அவற்றைத் தாண்டும் இடத்தில் கல் பாவி, பக்கத்துச் செடியைக் கழித்துத் திறந்து வையுங்கள். மரக்கட்டைப் படி வைக்காதீர்கள், இரண்டாம் ஆண்டே பாசி பிடித்துக் கண்ணாடியாகும். படி தேவையான இடத்தில் சொரசொரப்பான கருங்கல், 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் வேண்டாம்.

கம்பூட்ஸ் வாங்கும்போது அவரவர் பாதத்தை அளந்து வாங்குங்கள். ஆண்கள் அளவில் மொத்தமாக எடுத்தால் பாதம் உள்ளேயே வழுக்கும், அதைவிட வெறுங்கால் தேவலை என்று கழற்றிவிடுவார்கள். அடியில் ரப்பர் மேடுகள் தள்ளித்தள்ளி, ஆழமாக இருக்க வேண்டும். நெருக்கமான கோடுகளில் களிமண் அடைத்துக்கொண்டால் மொட்டை அடியேதான். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பட்டை இரும்பை நட்டு வையுங்கள், சுரண்டிவிட்டு இறங்கட்டும். மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக்கும் இடுப்பில் கட்டும் படங்கும் முழங்காலுக்குக் கீழே தொங்கக் கூடாது.

வேலை வரிசை இப்படி இருக்கட்டும். நிறுவை, பை, கம்பூட்ஸ் இந்த ஐப்பசிக்கு முன்னாலேயே முடியும். பாதையை இப்போது வெட்டாதீர்கள். கோத்தகிரிக்கு முக்கிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான், புதிதாகக் கொத்திய மண் அதில் கரைந்து சரிந்து முன்னைவிட மோசமாகும். தை, மாசியில் வெட்டி, விளிம்பில் புல் பிடித்து, மண் இறுகிவிட்டால் அடுத்த ஐப்பசி தாங்கும். அதுவரை மழை நாட்களில் ஒரு நடைக்கு 15 கிலோவுக்கு மேல் வேண்டாம்.

விழுந்த பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. விழுந்த சில மணி நேரத்துக்குள் முழங்கால் வீங்கியிருந்தாலோ, இப்போதும் நடக்கும்போது மடங்கிக்கொடுத்தாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ அது வெறும் பிசகு இல்லை, உள்ளே தசைநார் அல்லது சவ்வு கிழிந்திருக்கலாம். எண்ணெய் போட்டு உருவுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தச் செலவும் வேலை போன நாட்களின் கூலியும் தோட்டத்துக் கணக்கில்தான் வர வேண்டும். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அவளைத் தராசடியில் ஏடு எழுத வையுங்கள்.