பயிர்க்கடன் வட்டி: தேதியை வைத்து 4 சதவீதக் கணக்கு

பயிர்க்கடன் வட்டி பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தேதியைப் பற்றியவை. அது சரிதான். வட்டி விகிதம் எல்லோருக்கும் ஒன்று. ஆனால் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பது பட்டுவாடா தேதி, கெடு தேதி, பணம் கட்டிய தேதி ஆகிய மூன்றையும் பொறுத்தது.

7 சதவீதம் என்கிறார்கள், 4 என்றும் சொல்கிறார்கள். எதை வைத்துக் கணக்குப் போடுவது?

இரண்டையும் வைத்துத்தான். கிசான் கடன் அட்டைக் கணக்கில் 3 லட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு ஆண்டு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டி முடித்தால் ஒன்றிய அரசு 3 சதவீதம் ஊக்கத்தொகை தருகிறது. அதைக் கழித்தால் உங்கள் பங்கு 4 சதவீதம்.

அசலை விகிதத்தால் பெருக்கி, அதை நாட்களால் பெருக்கி, 36500 ஆல் வகுத்தால் வட்டி வந்துவிடும். ஓர் உதாரணம் பார்ப்போம். 2024 ஜூலை 18 அன்று 1,50,000 ரூபாய் கணக்கில் வந்தது. கெடு 2025 மார்ச் 31. அறுவடை முடிந்து மார்ச் 5 அன்று கட்டிவிட்டார். பணம் வந்த நாளைச் சேர்த்து, கட்டிய நாளை விட்டு எண்ண வேண்டும். ஜூலையில் 14, ஆகஸ்டில் 31, செப்டம்பரில் 30, அக்டோபரில் 31, நவம்பரில் 30, டிசம்பரில் 31, ஜனவரியில் 31, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 4. மொத்தம் 230 நாட்கள்.

7 சதவீதத்துக்கு வட்டி 6,616 ரூபாய் 44 காசு. அதே 230 நாட்களுக்கு 3 சதவீதம் 2,835 ரூபாய் 62 காசு. கழித்தால் 3,780 ரூபாய் 82 காசு. உங்கள் பாஸ்புக்கில் ஓரிரு ரூபாய் முன்பின் இருந்தால் கவலைப்பட வேண்டாம், அது முழு ரூபாயாக்கியதால் வந்தது. நூறு, இருநூறு வித்தியாசம் என்றால் நாட்களை மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.

கணினியில் போடுபவர்கள் B1 இல் அசல், B2 இல் பட்டுவாடா தேதி, B3 இல் கட்டிய தேதியை வைத்து இதை எழுதலாம்:

```
=ROUND(B1*4*(B3-B2)/36500,2)
```

ஒரு எச்சரிக்கை. 05/03/2025 என்று அடித்தால் சில கணினிகள் அதை மே 3 என்று படித்துவிடும். `=DATE(2025,3,5)` என்று கொடுத்தால் அந்தக் குழப்பம் வராது.

கெடு தாண்டி 12 நாளில் கட்டினேன். அந்த 12 நாளுக்குத்தானே சலுகை போக வேண்டும்? முழுதாகப் போய்விட்டது என்கிறார்களே?

வருத்தமான விஷயம்தான், ஆனால் அவர்கள் சொல்வது விதிப்படி சரி. இந்த 3 சதவீதம் நாள்தோறும் சேர்ந்துகொண்டே வரும் சலுகை இல்லை. கெடுவுக்குள் கட்டினால் கடன் வாங்கிய நாளிலிருந்து கிடைக்கும். தவறினால் முதல் நாளிலிருந்தே கிடைக்காது. அதோடு கெடுவுக்குப் பிந்தைய நாட்களுக்கு 7 சதவீதமும் இல்லை, வங்கியின் வழக்கமான வட்டி ஓடத் தொடங்கும்.

நீங்கள் எழுதிய தேதிகளை வைத்தே பார்ப்போம். 2,00,000 ரூபாய், பட்டுவாடா 2024 ஜூன் 10, கெடு 2025 ஜூன் 9. இடையில் 364 நாட்கள். கெடு அன்றே கட்டியிருந்தால் 4 சதவீதத்தில் 7,978 ரூபாய் 8 காசு. நீங்கள் ஜூன் 21 அன்று கட்டியதால் 364 நாட்களுக்கு 7 சதவீதம், அதாவது 13,961 ரூபாய் 64 காசு. வங்கியின் வழக்கமான வட்டியை 10.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மேற்கொண்டு 12 நாளுக்கு 690 ரூபாய் 41 காசு. கூட்டினால் 14,652 ரூபாய் 5 காசு. 12 நாள் தாமதத்தின் விலை 6,673 ரூபாய் 97 காசு.

நான் வங்கியில் இருந்த காலத்தில் இப்படி நெல் பணம் வரக் காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வியாபாரி பணம் தர ஒரு வாரம் இழுப்பார், கெடு போய்விடும். அந்த ஒரு வாரத்துக்குத் தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கியாவது கணக்கை முடித்துவிடுவது மேல். இந்த இரண்டு லட்சத்துக்கு நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டி என்றாலும் 12 நாளுக்கு ஏறக்குறைய 1,600 ரூபாய்தான்.

ஒரு வருடத்துக்குள் கட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். எட்டாவது மாதமே தாமதம் என்கிறார்கள்.

ஒரு வருடம் என்பது உச்ச வரம்பு மட்டும். வங்கி உங்கள் பயிரைப் பார்த்து அதற்கு முன்னதாகக் கெடு வைத்திருந்தால் அந்தக் கெடுதான் கணக்கு. கடன் வாங்கும்போதே கெடு தேதியைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாள் ஞாயிறோ விடுமுறையோ என்றால் முந்தைய வேலை நாளிலேயே கட்டிவிடுங்கள். காசோலையாகக் கொடுத்தால் அது பணமாகி வரவு வைக்கும் நாள்தான் எண்ணப்படும்.

இன்னொன்று. அசலை மட்டும் கட்டிவிட்டு வட்டியை விட்டுவைப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கடன் முடிந்ததாகாது. கட்டுவதற்கு முன் அன்றைய தேதிக்கு மொத்த பாக்கி எவ்வளவு என்று கேட்டு, அதை முழுதாகக் கட்டுங்கள்.

வரம்பு 1 லட்சம். ஜூலை 1 இல் 60,000, ஆகஸ்ட் 20 இல் 40,000 எடுத்தேன். வட்டி எந்தத் தேதியிலிருந்து?

எடுத்த ஒவ்வொரு தொகைக்கும் அதனதன் தேதியிலிருந்து. 2025 பிப்ரவரி 10 அன்று கட்டினீர்கள் என்றால் முதல் தொகைக்கு 224 நாள், இரண்டாவதற்கு 174 நாள். 4 சதவீதத்தில் 1,472 ரூபாய் 88 காசும் 762 ரூபாய் 74 காசும் சேர்ந்து 2,235 ரூபாய் 62 காசு. ஒரு லட்சத்துக்கும் ஜூலை 1 முதலே போட்டிருந்தால் 2,454 ரூபாய் 79 காசு வரும். உங்கள் ஸ்டேட்மென்டில் இந்த 2,454 ரூபாய் 79 காசு இருந்தால் தவறு அங்கேதான் இருக்கிறது.

கெடுவுக்குள் கட்டியும் 7 சதவீதம் பிடித்துவிட்டார்கள். 3 சதவீதம் எங்கே?

சில கிளைகள் முதலில் 7 சதவீதம் பிடித்து, ஊக்கத்தொகையைப் பின்னர் தனி வரவாக வைக்கின்றன. எனவே கட்டிய நாளைத் தாண்டிய பக்கங்களையும் பாஸ்புக்கில் பதிந்து பாருங்கள். வரவே இல்லையென்றால் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அப்புறம் பட்டுவாடா தேதி, கெடு, கட்டிய தேதி மூன்றையும் குறித்து மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் ரசீது முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் வட்டியே இல்லை என்கிறார்களே?

தமிழ்நாட்டின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் கெடுவுக்குள் கட்டுபவர்களுக்கு அந்த மீதி 4 சதவீதத்தையும் மாநில அரசு ஏற்கிறது. கெடு தவறினால் அந்தச் சலுகை கிடையாது, வட்டி கட்டியே ஆக வேண்டும்.

நகையை வைத்து விவசாயத்துக்கு வாங்கிய கடனுக்கு 3 சதவீதம் உண்டா?

நகை ஈடாக இருப்பது தடையில்லை. ஆனால் அது கிசான் கடன் அட்டைக் கணக்கில் வழங்கிய பயிர்க்கடனாக இருக்க வேண்டும். வெறும் நகைக்கடன் என்றால் கிடைக்காது.