தலைவலி வந்தாச்சு!

கேள்வி: அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ‘தலைவர் வந்தாச்சு’ என்று போட நினைத்தேன். ‘தலைவலி வந்தாச்சு’ என்று போய்விட்டது. பதறிப்போய் அழித்துவிட்டேன். இப்போது ஏழு பேர் ‘என்னத்த அழிச்சீங்க?’ என்று கேட்கிறார்கள். தலைவரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். எப்படிச் சமாளிப்பது?

பதில்: போட்டது பிழை. அழித்ததுதான் தப்பு. எல்லோருக்கும் அழித்தாலும், அந்த இடத்தில் ‘செய்தி அழிக்கப்பட்டது’ என்று ஒரு நடுகல் நிற்கும். தலைவலியைப் பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். பார்க்காதவர்கள் அதைவிட மோசமாக எதையாவது கற்பனை செய்துகொண்டிருப்பார்கள். திரையின் மேல் எட்டிப்பார்க்கும் அறிவிப்பில் சிலர் ஏற்கெனவே படித்தும் இருப்பார்கள். தலைவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

அனுப்பிய 15 நிமிடத்துக்குள் என்றால் அழிக்காமல் திருத்தியிருக்கலாம். செய்தியை அழுத்திப் பிடித்தால் அந்த வசதி கிடைக்கும். சொல் மாறிவிடும், திருத்தியதற்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு சின்னக் குறிப்பு மட்டும் இருக்கும். நடுகல்லுக்கு அது எவ்வளவோ மேல்.

பிழை எப்படி வந்தது என்பதும் எளிது. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும்போது thalaivar, thalaivali இரண்டும் thalaiva வரை ஒன்றுதான். அதற்குமேல் நீங்கள் அடிக்கடி எழுதும் சொல்லைப் போன் முன்னால் நீட்டும். (தலைவரைவிடத் தலைவலியைத்தான் நீங்கள் அதிகம் எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. இந்த விளக்கத்தைக் குழுவில் சொல்லிவிடாதீர்கள்.)

இனி செய்ய வேண்டியது, அழித்த சொல்லை நீங்களே வெளியே எடுத்துப் போடுவது. பத்திரிகைக்காரர்கள் இதற்குப் பழைய வழி ஒன்று வைத்திருக்கிறோம். அடுத்த இதழில் ‘பிழை திருத்தம்’ என்று ஒரு பெட்டி போடுவோம். அதையே கடன் வாங்கிக்கொள்ளுங்கள்: ‘பிழை திருத்தம்: சற்றுமுன் வந்த செய்தியில் “தலைவலி” என்பதைத் “தலைவர்” என்று திருத்தி வாசிக்கவும். தலைவர் நலமாக வந்து சேர்ந்தார். தலைவலி எனக்குத்தான், அழித்த பிறகு.’

இதில் அடி வாங்குபவர் நீங்கள் மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். ‘இரண்டும் ஒன்றுதானே’ என்று சேர்த்துவிட்டால் குழு இன்னும் பலமாகச் சிரிக்கும், தலைவர் சிரிக்கமாட்டார்.

ஒன்று மட்டும். சொல்லைத் திருத்தி வாசித்தால் செய்தி சரியாகிறது என்பதால்தான் இந்த வேடிக்கை செல்லும். நண்பருக்குத் தலைவரைப் பற்றி எழுதிய புலம்பல் இடம் மாறி இந்தக் குழுவில் விழுந்திருந்தால், அதில் திருத்த எந்தச் சொல்லும் இல்லை. அப்போது நகைச்சுவையைத் தொடாதீர்கள். நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள்.

பெட்டியைப் போட்ட பிறகு வரும் சிரிப்பு எமோஜி எதற்கும் பதில் போட வேண்டாம். குறிப்பாக, அவசரத்தில்.