நாலு வருடம் கட்டிய பாலிசியைப் பாதியில் நிறுத்தினால் கையில் என்ன நிற்கும்?

தங்கச்சிமடத்திலிருந்து: அண்ணே, நாட்டுப்படகு எஞ்சின் போய்விட்டது, 40,000 ரூபாய் வேணும். 2022 மே மாதம் எடுத்த 3 லட்ச ரூபாய் பாலிசி, 20 வருடம், வருடத்துக்கு 15,000. நாலு பிரீமியம் கட்டியிருக்கேன், ஐந்தாவது இந்த மாதம். சரண்டர் பண்ணினால் 38,000 தான் வரும் என்கிறார்கள். நான் கட்டியது 60,000 ஆச்சே, மீதி எங்கே போச்சு?

தம்பி, காப்பீட்டுக் கிளையின் கவுண்டரில் 26 வருடம் உட்கார்ந்தவன் நான். அந்த 38,000 எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

நான்காம் வருடத்திலிருந்து ஏழாம் வருடம் வரை சரண்டர் செய்தால், கட்டிய பிரீமியத்தில் குறைந்தது 50 சதவீதம் தரவேண்டும் என்பது உங்கள் பாலிசிக்கான விதி. அது 30,000. பிரீமியத்தோடு வாங்கிய ஜிஎஸ்டி இந்தக் கணக்கில் சேராது. அடுத்து போனஸ். உங்கள் திட்டத்தில் காப்புத் தொகை ஆயிரத்துக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 12,000, நாலு வருடத்துக்கு 48,000. ஆனால் அது 2042-ல் தருவதாகச் சொன்ன பணம். இன்றைக்கே கேட்டால் அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். அந்தப் பங்கு எவ்வளவு என்பது பத்திரத்தின் பின்பக்க அட்டவணையில் இருக்கும். 17 சதவீதம் என்றால் 8,160. இரண்டும் சேர்ந்து 38,160.

மீதிப் பணத்தை யாரும் அமுக்கிவிடவில்லை, செலவாகிவிட்டது. முதல் வருடப் பிரீமியத்தில் பெரிய துண்டு ஏஜென்ட் கமிஷனாகப் போகிறது, அடுத்த வருடங்களில் அது குறைகிறது. பத்திரம் போடும் செலவு, ஆபீஸ் செலவு எல்லாமே தொடக்கத்தில்தான் விழும். 20 வருடப் பிரீமியத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டிய செலவை முதலிலேயே செய்துவிடுகிறார்கள். நாலாவது வருடத்தில் நீங்கள் இறங்கிக்கொண்டால் அந்தச் சுமை முழுக்க உங்கள் கணக்கில் நிற்கிறது. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இந்த நாலு வருடமும் நீங்கள் கடலுக்குப் போன ஒவ்வொரு நாளும் 3 லட்ச ரூபாய் காப்பு உங்கள் வீட்டுக்கு இருந்தது. அதற்கான விலையும் இதில் கழிந்திருக்கிறது.

கிளைக்குப் போனால், நிறுவனம் தன் கணக்கில் போடும் சிறப்பு சரண்டர் மதிப்பு எவ்வளவு என்றும் கேளுங்கள். விதிப்படி வரும் தொகை, சிறப்பு மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதைத்தான் தரவேண்டும்.

பாம்பனிலிருந்து: நான் இவரோட மைத்துனன். சரண்டர் வேண்டாம், பிரீமியம் கட்டுறதை மட்டும் நிறுத்திடு, பெய்ட்-அப் ஆகி 1,08,000 வரும்னு சொன்னேன். 38,000 பெரிசா, 1,08,000 பெரிசா?

நீங்கள் சொன்ன தொகை சரிதான். 20-ல் 4 பிரீமியம் கட்டியிருப்பதால் 3 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு 60,000. அதுவரை சேர்ந்த போனஸ் 48,000. மொத்தம் 1,08,000. ஆனால் அது கைக்கு வருவது 2042 மே மாதம். இடையில் புது போனஸ் எதுவும் ஏறாது.

38,160 ரூபாயை 7 சதவீத கூட்டு வட்டியில் 16 வருடம் போட்டால் ஏறக்குறைய 1,12,000 ஆகும். அதாவது இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், லாபம் என்று சொல்ல முடியாது. பெய்ட்-அப்பில் கூடுதலாக இருப்பது, இடையில் உயிருக்கு ஏதாவது ஆனால் அந்த 1,08,000 வீட்டுக்கு வரும் என்பது. பணத்தைச் செலவழிக்காமல் 16 வருடம் வங்கியில் வைத்திருக்கும் ஆள் எத்தனை பேர் என்பதையும் யோசித்துப் பாருங்கள். இந்த இரண்டு காரணத்துக்காகவே, அவசரம் இல்லாதவர்களுக்கு நான் பெய்ட்-அப் என்றுதான் சொல்வேன். மச்சானுக்கு இப்போது அவசரம் இருக்கிறது, அதுதான் சிக்கல்.

அவர் தொடர்ந்து கட்டினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். இதே போனஸ் நீடித்தால் 2042-ல் 5,40,000 வரும். முதல் நாளிலிருந்து கணக்குப் போட்டால் இந்தப் பாலிசி தருவது வருடத்துக்கு 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆனால் அவருக்கு அந்தக் கணக்கு இப்போது உதவாது. தொடக்கச் செலவு ஏற்கெனவே கழிந்துவிட்டது, சரண்டர் செய்தால் அது திரும்பி வராது. இன்று கிடைக்கும் 38,160-ஐ எடுக்காமல் உள்ளேயே விட்டு, இனி 16 பிரீமியம் கட்டினால், அந்தப் பணத்துக்குக் கிடைப்பது வருடத்துக்கு ஆறரை சதவீதத்துக்கு மேல். எடுத்தபோது சுமாராக இருந்த பாலிசி, நாலு வருடம் கழித்துத் தொடர்வதற்கு நல்லதாக இருப்பது இப்படித்தான். முதல் இரண்டு வருடத்தில் நிற்பவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரலாம்.

மண்டபத்திலிருந்து: எனக்கு வங்கியில் வருசா வருசம் 436 ரூபாய் பிடிக்கிறாங்க. சில வருசம் ஆச்சு. நான் நிறுத்தினா எவ்வளவு சரண்டர் வரும்?

எதுவும் வராது அம்மா. அது பிரதமர் ஜீவன் ஜோதி, ஒரு வருடக் காப்பு. அந்த வருடத்தில் உயிர் போனால் வீட்டுக்கு 2 லட்சம், இல்லையென்றால் அந்தப் பணம் அதோடு முடிந்தது. அதில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. 436 ரூபாய்க்கு 2 லட்சம் காப்பு என்பது மலிவு, நிறுத்தாதீர்கள். மே கடைசியில் கணக்கில் பணம் இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொண்டியிலிருந்து: ஐயா சொல்வது பழைய கதை. 2024-ல் சட்டம் மாறிவிட்டது. ஒரு வருடம் கட்டினாலே போதும், முழுப் பணத்தையும் திருப்பித் தரவேண்டும்.

பாதி சரி. 2024 அக்டோபர் 1 முதல் விற்கும் பாலிசிகளுக்கு, ஒரு முழு வருடப் பிரீமியம் கட்டி முதல் வருடம் முடிந்தாலே சரண்டர் மதிப்பு உண்டு. அதற்கு முன் எடுத்தவற்றில் இரண்டு முழு வருடம் கட்டாவிட்டால் ஒன்றும் கிடையாது. இது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் தங்கச்சிமடம் தம்பியின் பாலிசி 2022-ல் எடுத்தது, அதற்கு இது பொருந்தாது.

புதியதிலும் முழுப் பணம் வராது. பெய்ட்-அப் தொகையின் இன்றைய மதிப்பைத்தான் தரச் சொல்கிறது விதி. அதே 15,000 ரூபாய் பாலிசியில் ஒரே ஒரு பிரீமியம் கட்டியவருக்கு பெய்ட்-அப் 15,000, போனஸ் 12,000, மொத்தம் 27,000. அது 19 வருடம் கழித்து வரவேண்டியது. 7 சதவீதத்தில் இன்றைய மதிப்பாக்கினால் 7,500-ஐ ஒட்டி வரும். முன்பு சுழி, இப்போது பாதி.

தொடக்கக் காலத்தில் முழுப் பணமும் கிட்டத்தட்ட அப்படியே திரும்புவது ஒரே ஒரு சமயத்தில்தான். பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், அந்த நாட்களுக்கான காப்புச் செலவு, முத்திரைத்தாள், மருத்துவப் பரிசோதனைச் செலவு போக மீதி வந்துவிடும். பத்திரத்தைப் பிரிக்காமலே பீரோவில் வைப்பவர்கள்தான் இதை இழக்கிறார்கள்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, நான் துபாயில இருக்கேன். பாலிசி மூணு வருசம் ஓடிருக்கு. அதை சரண்டர் பண்ணி அந்தக் காசை புதுசா ஒண்ணுல போடுங்க, போனஸ் ஜாஸ்தின்னு ஏஜென்ட் சொல்றாரு. ஊர்ல உம்மாகிட்ட கையெழுத்துக்கு ஃபார்மும் கொடுத்துட்டாரு.

கையெழுத்துப் போட வேண்டாம் தம்பி. பழைய பாலிசியின் தொடக்கச் செலவை நீங்கள் கட்டி முடித்துவிட்டீர்கள். புதியதில் அதே செலவு மறுபடி முதலிலிருந்து. ஏஜென்டுக்கு மறுபடி முதல் வருடக் கமிஷன். உங்களுக்கு மூன்று வயது கூடியிருக்கிறது, அதற்கேற்ப பிரீமியமும் கூடும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பாலிசி மூன்று வருடம் தாண்டினால், விண்ணப்பத்தில் அதை மறைத்தார், இதைச் சொல்லவில்லை என்று நிறுவனம் இழப்பீட்டை மறுக்க முடியாது. காப்பீட்டுச் சட்டம் 45-வது பிரிவு அது. நீங்கள் இப்போதுதான் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறீர்கள். புதியதற்கு மாறினால் அந்த மூன்று வருடம் மறுபடி ஒன்றிலிருந்து ஓடும். பாலிசிதாரர் நீங்கள் என்பதால் உம்மா கையெழுத்து சரண்டருக்குச் செல்லாது. ஃபார்மை உம்மாவிடமிருந்து வாங்கி வைக்க வீட்டில் யாரிடமாவது சொல்லுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: அண்ணே, வீட்டுக்காரர் விசைப்படகில் போறவர். பாலிசி தேதி மே 10. ஒவ்வொரு வருசமும் தடைக்காலத்தில் வந்து மாட்டுது. போன வருசம் கட்ட முடியாமல் நின்னுடுச்சு. இனி கட்டினால் ஏத்துக்குவாங்களா, விட்டுடவா?

விட்டுவிடாதீர்கள் தங்கச்சி. மே 10-க்கு 30 நாள் சலுகை என்றால் ஜூன் 9. தடைக்காலம் முடிவது ஜூன் 14. ஐந்தே நாளில் பாலிசி லேப்ஸ் ஆகிறது. இந்தக் கடற்கரையில் இப்படி நின்ற பாலிசிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் இல்லாமல் போனதால் அல்ல, தேதி சரியில்லாததால்.

கட்டாத முதல் தவணையிலிருந்து ஐந்து வருடத்துக்குள் புதுப்பிக்கலாம். பாக்கிப் பிரீமியத்தோடு வட்டி கட்ட வேண்டும், உடல்நல உறுதிமொழி கொடுக்க வேண்டும். தள்ளத் தள்ள வட்டி ஏறும், இடையில் நோய் ஏதும் வந்தால் புதுப்பிக்க மறுக்கவும் கூடும். லேப்ஸான நாளிலிருந்து காப்பு முழு அளவில் இல்லை என்பதை வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அடுத்த வருடத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரத்திலேயே, படகு கரையேறும் முன், கட்டிவிடுங்கள். அதே நிதியாண்டில் வரும் தவணையை முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து: அண்ணே, கணக்கு புரியுது. ஆனா எஞ்சின் இல்லாம நான் எப்படி 15,000 கட்டுறது? பாலிசி மேல கடன் தருவாங்கன்னு சொல்றாங்களே.

தருவார்கள். ஓடும் பாலிசிக்கு சரண்டர் மதிப்பில் 90 சதவீதம் வரை, பெய்ட்-அப் ஆனதற்கு 80 வரை என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். உங்கள் நிலையில் இப்படி வரும். ஐந்தாவது பிரீமியம் 15,000 கட்டினால் சரண்டர் மதிப்பு 45,660 ஆகும், அதில் 90 சதவீதம் 41,000. கட்டிய 15,000 போக உண்மையில் கையில் நிற்பது 26,000. பாலிசி உயிரோடு இருக்கும். கட்டாமல் பெய்ட்-அப் ஆக்கிக் கடன் வாங்கினால் 30,500. சரண்டர் செய்தால் 38,160, ஆனால் பாலிசி போய்விடும்.

கடனுக்கு வட்டி ஒன்பது, பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். மார்க்கெட்டில் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்றால் அது வருடத்துக்கு 36. ஆனால் பெய்ட்-அப் பாலிசி மேல் கடன் வாங்கிவிட்டு வட்டியைக் கட்டாமல் விட்டால், கடனும் வட்டியும் சரண்டர் மதிப்பைத் தாண்டும்போது பாலிசியை முடித்துக் கணக்கைத் தீர்த்துவிடுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மட்டுமாவது கட்ட வேண்டும்.

26,000-ஐ வைத்து எஞ்சின் ஓடுமா, மீதி 14,000-க்கு வியாபாரி முன்பணம் தருவாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அது முடியாது என்றால் சரண்டர் செய்வதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன், படகு நின்றால் வீடும் நிற்கும். ஆனால் ஃபார்மில் கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தோடு கிளைக்குப் போய், இன்றைய சரண்டர் தொகை, பெய்ட்-அப் தொகை, கடன் தொகை மூன்றையும் எழுதி வாங்குங்கள். நான் போட்ட 17 சதவீதமும் 40 ரூபாய் போனஸும் உங்கள் பத்திரத்தில் வேறாக இருக்கலாம். வாங்கியதும் அந்த மூன்று எண்ணையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.