இயந்திரத்துக்கு விலையாகப் பங்கு: எந்தத் தொகையை எழுதுவது?

கேள்வி: கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறோம். ஒரு சிஎன்சி இயந்திரம் வாங்கினோம். பணத்துக்குப் பதிலாக 10 ரூபாய் முகமதிப்புள்ள 20,000 பங்குகள் தருவதாகப் பேச்சு. ஜிஎஸ்டியை மட்டும் பேங்க் மூலம் கட்டிவிடுவோம். விற்றவர் 50 லட்சம், வரி 9 லட்சம் என்று பில் போட்டிருக்கிறார். எங்கள் கணக்குப்பிள்ளை, 2 லட்சம்தான் எழுத வேண்டும் என்கிறார். ஆடிட்டர் சொல்லி மதிப்பீடு செய்ததில் இயந்திரம் 46 லட்சம் பெறும் என்று வந்திருக்கிறது. எந்தத் தொகையை எழுதுவது? இயந்திரம் வந்து ஓடுகிறது, பங்கு இன்னும் ஒதுக்கவில்லை.

பதில்: 46 லட்சம். ஆனால் அதை எழுதுவதற்கு முன் பில்லைச் சரிசெய்ய வேண்டும், பங்கின் எண்ணிக்கையையும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் உங்கள் கணக்குப்பிள்ளை சொல்லும் 2 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். 20,000 பங்கை 10 ரூபாயால் பெருக்கினால் 2 லட்சம் வரும், அது சரிதான். ஆனால் அது பங்கு மூலதனத்தில் காட்ட வேண்டிய தொகை, இயந்திரத்தின் விலை அல்ல. முகமதிப்பு என்பது கம்பெனி தொடங்கிய நாளில் சட்டத்துக்காக வைத்த எண். இன்று அந்தப் பங்கு என்ன பெறும் என்பதற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. உங்களைப் போன்ற கம்பெனிகள் பின்பற்றும் கணக்கியல் தரம் 10, சொத்தின் அடக்கவிலை என்பது கொடுத்த ரொக்கம் அல்லது அதற்குப் பதிலாகக் கொடுத்த வேறொன்றின் நியாய மதிப்பு என்கிறது. நீங்கள் கொடுப்பது பங்கு. பட்டியலிடாத கம்பெனியின் பங்குக்குச் சந்தை விலை கிடையாது. இயந்திரத்துக்கோ சந்தை உண்டு, அதே மாடலை நாலு பேர் வாங்கியிருப்பார்கள். எது தெளிவாகத் தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அளக்க வேண்டும். இண்ட் ஏஎஸ் என்ற தனிக் கணக்கியல் தரங்களைப் பின்பற்றும் பெரிய கம்பெனிகளுக்கு இதையே இண்ட் ஏஎஸ் 102 நேராகச் சொல்லிவிடுகிறது: ஊழியர் அல்லாதவரிடம் பொருள் வாங்கிப் பங்கு கொடுத்தால், பொருள் கைக்கு வந்த நாளில் அந்தப் பொருளின் நியாய மதிப்பை எடு, அதை நம்பகமாக அளக்கவே முடியாது என்றால் மட்டும் பங்கின் மதிப்புக்குப் போ.

2 லட்சம் என்று எழுதினால் என்ன ஆகும்? தேய்மானம் ஆண்டுக்குச் சில ஆயிரத்தில் நின்றுவிடும், லாபம் வீங்கித் தெரியும். கம்பெனிச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இடிக்கும். பணத்துக்கோ வேறு வகையிலோ பங்கை முகமதிப்புக்கு மேல், அதாவது பிரீமியத்தில், வெளியிட்டால், அந்தப் பிரீமியம் முழுவதையும் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ‘பணம் வரவில்லையே, பிரீமியம் எங்கிருந்து வந்தது?’ என்ற கேள்வி புதிதில்லை. இங்கிலாந்தில் 1951-இல் ஹென்றி ஹெட் எதிர் ராப்னர் ஹோல்டிங்ஸ் வழக்கிலேயே இது வந்து, சொத்துக்காகக் கொடுத்த பங்கிலும் பிரீமியம் உண்டு என்று நீதிமன்றம் முடித்துவிட்டது.

இனி 50 லட்சம். இந்தத் தப்புதான் அதிகம் நடக்கிறது, ஏனென்றால் கையில் பில் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுப்பவர் பேரம் பேசி 4 லட்சம் குறைப்பார். பங்கு கொடுக்கும்போது யாரும் பேரம் பேசுவதில்லை, கொட்டேஷனில் இருப்பதே பில்லில் ஏறிவிடும். அந்த 4 லட்சம் சொத்துப் பக்கத்தில் இயந்திரமாகவும், மறுபக்கத்தில் பிரீமியமாகவும் உட்கார்ந்துகொள்ளும். இருப்புநிலைக் குறிப்பு டேலி ஆகும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அங்கே சொத்தும் இல்லை, மூலதனமும் இல்லை. மதிப்பீட்டாளரின் 46 லட்சம், அதே மாடலுக்கு ரொக்கம் கொடுத்தவர்களின் சமீபத்திய பில்களை ஒட்டி வந்ததா என்று அறிக்கையில் பாருங்கள். இருந்தால் அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. வெறும் கொட்டேஷனை வைத்துக்கொண்டு 8 சதவீதம் கழித்திருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

பில் 50 லட்சத்தில் இருப்பது ஜிஎஸ்டியிலும் பொருந்தாது. விலை முழுவதும் பணமாக இல்லாதபோது விதி 27 வருகிறது. வரிக்கான மதிப்பு வெளிச்சந்தை விலை, அதாவது சம்பந்தம் இல்லாத ஒருவர் பணம் கொடுத்து வாங்கினால் ஆகும் தொகை. அதுவும் அதே 46 லட்சம்தான். எனவே விற்றவரிடம் 4 லட்சத்துக்கும் அதற்கான வரி 72,000 ரூபாய்க்கும் கிரெடிட் நோட் கேளுங்கள். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் அவரால் அதைத் தன் ரிட்டர்னில் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள முடியும். அவருக்கும் இதில் நஷ்டம் இல்லை; கைக்கு வரும் பங்கு அதே 20,000.

அப்புறம், அந்த 20,000. இது எங்கிருந்து வந்தது? பேச்சில் வந்த எண் என்றால் சோதிக்க வேண்டும். 46 லட்சத்தை 20,000-ஆல் வகுத்தால் பங்கு ஒன்றுக்கு 230 ரூபாய். பங்கு மூலதன விதிகளின் 13-ஆம் விதிப்படி, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் சொல்லும் விலைக்குக் குறைவாகப் பங்கு கொடுக்க முடியாது. அவர் 230 அல்லது அதற்குக் கீழே சொன்னால் உங்கள் எண் நிற்கும். 250 என்று சொன்னால் 46 லட்சத்துக்கு 18,400 பங்குதான் தர முடியும். மீதி 1,600 பங்கைப் பழைய பங்குதாரர்களின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததாக ஆகிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கம். மதிப்பீட்டாளர் பதிவில் நிலமும் கட்டடமும், ஆலையும் இயந்திரமும், பத்திரங்களும் நிதிச் சொத்துகளும் என்று மூன்று தனித்தனி வகை உண்டு. இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் பங்குக்கும் போட முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு ஒரு வகையில் மட்டும் பதிவு என்றால் இரண்டு பேரிடம் இரண்டு அறிக்கை வாங்க வேண்டும். உங்களிடம் இருப்பது ஒன்றுதான் என்று தெரிகிறது.

பங்கு விலை 230 என்றே வந்ததாக வைத்துக்கொண்டால், குறிப்பேட்டுப் பதிவுகள் இப்படி அமையும். கிரெடிட் நோட்டையும் சேர்த்துப் பார்த்த தொகைகள் இவை.

இயந்திரம் வந்த நாளில்:
இயந்திரக் கணக்கு, பற்று: 46,00,000
உள்ளீட்டு ஜிஎஸ்டி கணக்கு, பற்று: 8,28,000
விற்றவர் கணக்கு, வரவு: 54,28,000

பங்கு ஒதுக்கிய நாளில்:
விற்றவர் கணக்கு, பற்று: 46,00,000
பங்கு மூலதனக் கணக்கு, வரவு: 2,00,000
பங்குப் பிரீமியக் கணக்கு, வரவு: 44,00,000

வரிப் பணம் 8,28,000 ரூபாயைப் பேங்கிலிருந்து கொடுக்கும்போது விற்றவர் கணக்கு தீர்ந்துவிடும். உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்வதால் அதை இயந்திரத்தின் விலையில் சேர்க்கக் கூடாது. சேர்த்துத் தேய்மானம் போட்டால் உள்ளீட்டு வரி போய்விடும்.

லாரி வாடகை, அஸ்திவாரம், நிறுவும் செலவு எல்லாம் இயந்திரத்தில் சேரும். அது 1,20,000 என்று வைத்துக்கொண்டால் அடக்கவிலை 47,20,000. பொதுவான இயந்திரங்களுக்கு இரண்டாம் அட்டவணை சொல்லும் 15 ஆண்டு, 5 சதவீத எச்ச மதிப்பு, நேர்கோட்டு முறை என்று எடுத்தால் ஆண்டுத் தேய்மானம் 2,98,933 ரூபாய். கணக்குப்பிள்ளை சொன்ன 2 லட்சத்தை வைத்துப் போட்டால் இதே கணக்கு 20,267 ரூபாய் காட்டும். பங்கு மதிப்பீட்டுக் கட்டணம், பங்குக்கான முத்திரைத் தீர்வை இரண்டும் இயந்திரத்தில் சேராது. அவை பங்கு வெளியீட்டுச் செலவு, பிரீமியக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

பங்கு இன்னும் ஒதுக்கவில்லை என்கிறீர்கள். அதற்குள் மார்ச் 31 வந்துவிட்டால், 46 லட்சத்தை மூலதனப் பொருள் வாங்கிய வகையில் கொடுபட வேண்டிய கடனாகக் காட்டுங்கள். சிலர் அதைப் ‘பங்கு விண்ணப்பப் பணம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பணமே வராதபோது அந்தத் தலைப்பு தேவையில்லாத கேள்விகளைக் கிளப்பும். ஜிஎஸ்டியில் இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்கு விலையும் வரியும் போய்ச் சேராவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். ஆகவே ஒதுக்கீட்டை அந்த 180 நாளைத் தாண்ட விடாதீர்கள்.

ஒதுக்குவதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதை 30 நாளுக்குள் MGT-14 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தீர்மானம் போட்ட 12 மாதத்துக்குள் ஒதுக்க வேண்டும். ஒதுக்கிய 15 நாளுக்குள் ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் PAS-3 படிவம் போக வேண்டும். அதனோடு விற்பனை ஒப்பந்தமும் மதிப்பீட்டு அறிக்கையும் இணைக்க வேண்டியிருக்கும். ஒப்பந்தம் வாய்ப்பேச்சாகவே இருந்தால் இப்போதே எழுத்தில் கொண்டுவாருங்கள். பில்லில் 50, அறிக்கையில் 46, ஒப்பந்தத்தில் வேறொன்று என்று மூன்று எண்ணோடு படிவம் போட்டால் யாராவது ஒருநாள் அதைப் பிடிப்பார்கள்.

ஆண்டறிக்கையில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பணம் கை மாறாத இந்த 46 லட்சம் ரொக்க ஓட்ட அறிக்கையில் வரவே கூடாது. உங்களுக்கு அந்த அறிக்கை கட்டாயம் என்றால் குறிப்பில் மட்டும் சொல்லுங்கள். பணம் பெறாமல் ஒப்பந்தப்படி ஒதுக்கிய பங்குகளின் எண்ணிக்கையையோ ஐந்து ஆண்டுக்குப் பங்கு மூலதனக் குறிப்பில் காட்டிவர வேண்டும்.

பிரீமியக் கணக்கில் 44 லட்சம் நிற்பதைப் பார்த்து அதிலிருந்து டிவிடெண்ட் கொடுக்கலாமா என்று பங்குதாரர் யாராவது கேட்பார். முடியாது. போனஸ் பங்கு, வெளியீட்டுச் செலவு, பங்குகளைத் திரும்ப வாங்குவது மாதிரி 52-ஆம் பிரிவு சொல்லும் சில வழிகளில்தான் அதைத் தொடலாம். மூன்று வருடம் கழித்து இயந்திரம் பழுதாகி மதிப்பு இறங்கினாலும் அந்த நஷ்டம் லாப நட்டக் கணக்குக்குத்தான் போகும், பிரீமியத்தில் கழிக்க முடியாது.

கடைசியாக ஒன்று, நீங்கள் சொல்லாமல் விட்டது. விற்றவர் உங்கள் இயக்குநரோ அவரோடு தொடர்புடையவரோ என்றால், பணமில்லாத பரிவர்த்தனைக்கு 192-ஆம் பிரிவுப்படி பொதுக்கூட்டத்தின் முன் ஒப்புதல் தேவை. அப்படியிருந்து ஒப்புதல் வாங்காமல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், மேலே சொன்ன பதிவுகளைப் போடுவதற்கு முன் உங்கள் கம்பெனி செக்ரட்டரியைப் போய்ப் பாருங்கள்.