பின்னால் வந்தவரை முதலில் கூப்பிடுவது ஏன்?

"அப்பாவுக்கு மணிக்கட்டு முறிஞ்சு வலியில துடிச்சார். ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுல மூணு மணி நேரம் உட்கார வச்சுட்டாங்க. எங்களுக்கு அப்புறம் நடந்தே வந்த ஒருத்தரை உடனே உள்ளே கூப்பிட்டாங்க. இது என்ன நியாயம்?"

வாசலில் ஒரு செவிலியர் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்த்து, இரண்டு மூன்று கேள்வி கேட்டிருப்பாரே, அதுதான் ட்ரையாஜ். என்ன நோய் என்று அவர் தேடுவதில்லை. காத்திருந்தால் யாருக்கு ஆபத்து என்று மட்டும் பிரிக்கிறார். பல மருத்துவமனைகளில் இதற்கு ஐந்து நிலைகள் உண்டு.

நடந்து வந்தவர் "நெஞ்சு பாரமா இருக்கு, வியர்க்குது" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னாலே 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருந்தால், தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். முறிந்த மணிக்கட்டு, விரல்கள் சூடாகவும் உணர்வோடும் இருக்கும்வரை, சில மணி நேரம் தாங்கும். அதற்காக வலியையும் தாங்க வேண்டும் என்றில்லை. வலி மருந்தும் கையைத் தாங்க ஒரு தூளியும் கேளுங்கள், தயங்க வேண்டாம். எலும்பை நேராக்க மயக்கம் கொடுக்க நேரலாம், அதனால் கேட்காமல் சாப்பிட எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் போட்ட நிலை அப்படியே நிற்பதுமில்லை. விரல்கள் வெளிறி ஜில்லென்று ஆனால், மரத்துப்போனால், வலி திடீரென்று ஏறினால் போய்ச் சொல்லுங்கள். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டால் உருப்படியான பதில் வருவது கஷ்டம். "விரல் மரத்துப்போச்சு" என்று சொன்னால் செவிலியர் எழுந்து வந்து பார்ப்பார்.