எடுக்காத அந்த ஒரு போன்

"என் தம்பி தற்கொலை செய்துகொண்டு ஏழு மாதம் ஆகிறது. 34 வயது. அன்று ராத்திரி 9.40-க்கு எனக்கு போன் செய்தான். சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தேன், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று எடுக்கவில்லை. அன்று மத்தியானம்கூட 'பொங்கலுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாச்சா அக்கா' என்று கேட்டவன். அப்புறம் ஏன் போனான்? சொந்தக்காரர்களிடம் மாரடைப்பு என்று சொல்லி வைத்திருக்கிறோம். அந்த மிஸ்டு காலைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். நான் எடுத்திருந்தால் இருந்திருப்பானா டாக்டர்?"
– வாசகி, அல்சூர், பெங்களூரு

அம்மா, எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. 'உங்களால் எதுவும் செய்திருக்க முடியாது' என்று நான் ஒரே வரியில் சொன்னால், ராத்திரி மூன்று மணிக்கு உங்கள் மனசு அதை நம்பாது. அதனால் அந்த ராத்திரியையே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தை இரண்டாக மடியுங்கள். இடது பக்கம் 9.40 மணிக்கு உங்களுக்குத் தெரிந்திருந்ததை மட்டும் எழுதுங்கள்: தம்பி கூப்பிடுகிறான். மத்தியானம் நன்றாகத்தான் பேசினான். அடுப்பில் கல் காய்கிறது. வலது பக்கம் மறுநாள் தெரியவந்தது. உங்களைக் குற்றவாளி ஆக்குவதெல்லாம் வலது பக்கத்தில்தான் இருக்கும். இடது பக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை அக்காமார் அந்த போனை எடுக்காமல் விட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். முடிவு தெரிந்தபின் பழைய சின்ன விஷயங்கள் எல்லாம் எச்சரிக்கையாகத் தெரிவது மனசின் இயல்பு. அன்றைக்கு அது வெறும் போன்தான். இதை ஒரு தடவை எழுதினால் போதாது. குற்ற உணர்வு வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

டிக்கெட்டைப் பற்றிக் கேட்டானே, அதுதான் உங்களை அதிகம் குழப்புகிறது என்று நினைக்கிறேன். அவன் நடிக்கவில்லை. சாக வேண்டும் என்ற எண்ணமும் வாழ வேண்டும் என்ற ஆசையும் ஒரே ஆளுக்குள், ஒரே நாளில், மாறி மாறி வரும். மத்தியானம் ஊருக்குப் போகும் ஆசை நிஜம். ராத்திரி வந்த இருட்டும் நிஜம். அந்த இருட்டில் யோசனை குறுகிப்போய், வேதனையிலிருந்து தப்பிக்க வேறு வழி கண்ணுக்குத் தெரியாது. அக்காமேல் பாசம் இல்லாததால் இப்படிச் செய்தான் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

'ஏன்' என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடைக்காது. கடன், வேலை, மனச்சோர்வு, குடி, உறவில் பிளவு என்று பலதும் சேர்ந்து பின்னிக் கிடக்கும். அதில் பாதி அவனோடு போய்விட்டது. பல வருஷங்களாக இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்க்கிறேன். பதில் கிடைத்து ஓய்ந்தவர்கள் குறைவு. கேள்வி அப்படியே இருக்கும், ஆனால் அது தொண்டையைப் பிடிக்கிற வேகம் குறையும்.

மாரடைப்பு என்று சொன்னதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஊர் வாய்க்குப் பயந்து நிறையப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பொய்யைக் காப்பாற்றும்போது உங்களால் யாரிடமும் உண்மையாக அழக்கூட முடியாது. எல்லாருக்கும் சொல்ல வேண்டாம், நம்பிக்கையான ஒருவரிடமாவது நடந்ததைச் சொல்லுங்கள். தம்பிக்குக் குழந்தை இருந்தால், வயதுக்கு ஏற்ற எளிய வார்த்தையில் வீட்டுப் பெரியவர்களே உண்மையைச் சொல்வது நல்லது. எப்படிச் செய்துகொண்டான் என்ற விவரம் வேண்டாம். 'உன்னால் இல்லை' என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அந்த மிஸ்டு காலை அழிக்க வேண்டாம். படம் பிடித்து உங்கள் வீட்டுக்காரர் போனில் வைக்கச் சொல்லுங்கள். தினமும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று நேராகவே கேட்கிறேன்: 'நானும் அவன்கூடப் போய்விடலாமா' என்று தோன்றுகிறதா? இப்படி ஒருவரை இழந்த குடும்பத்தில் அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். தோன்றினால் இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், 14416-ஐக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு உதவி எண். கட்டணம் இல்லை, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

அது இல்லை என்றாலும் ஆறு மாதம் தாண்டிவிட்டது. துக்கம் கொஞ்சமும் தளராமல், சமைக்க, தூங்க, வேலைக்குப் போக முடியாதபடி தினமும் அழுத்தினால் அது நீடித்த துயரக் கோளாறாக இருக்கலாம். இதற்கு முக்கியமான சிகிச்சை, பயிற்சி பெற்றவரோடு பல வாரம் முறையாகப் பேசுவது. கூடவே மனச்சோர்வு இருந்தால் மருந்தும் தருவார்கள். யாரோ கொடுத்த தூக்க மாத்திரையை மட்டும் போடாதீர்கள். உங்கள் ஊரிலேயே ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே, துணைக்கு ஒருவரோடு போங்கள். அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.